விசா கவர் லெட்டர்: ஒன்பது இரவுகளின் கணக்கு

என் மச்சான் குடும்பத்தோடு முதல் முறையாக ஐரோப்பா போக விண்ணப்பித்து, ஷெங்கன் விசா மறுக்கப்பட்டது. பேங்கில் பணம் இருந்தது, வேலை நிரந்தரம், லீவ் லெட்டரும் இருந்தது. திரும்பி வந்த படிவத்தில் டிக் செய்யப்பட்டிருந்த காரணம் ஒன்றே ஒன்று: பயணத்தின் நோக்கம், தங்கும் ஏற்பாடு குறித்துக் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை. விசா கட்டணம் திரும்பக் கிடைக்காது. "பொய் எதுவுமே சொல்லலையே மாப்ள" என்று புலம்பினார். அவர் பொய் சொல்லவில்லைதான். ஃபைலை வாங்கி உட்கார்ந்து படித்தேன். கவர் லெட்டரில் 14ஆம் தேதி பாரிஸை விட்டுக் கிளம்புவதாக இருந்தது. பாரிஸ் ஹோட்டல் புக்கிங்கோ 15 வரை. அடுத்த ஊர் ஹோட்டல் 14 முதல். ஒரே இரவில் ஒரே குடும்பம் இரண்டு நாடுகளில் தூங்குகிறது!

நடுவில் ரயில் டிக்கெட் விலை பார்த்துத் திட்டத்தை ஒரு நாள் மாற்றியிருக்கிறார். கடிதத்தை மாற்றினார், பழைய புக்கிங்கை மாற்ற மறந்துவிட்டார். மறுப்புக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, டிக் அடித்த படிவம் அவ்வளவு விவரம் தருவதில்லை. ஆனால் டிக் செய்த வரிக்குப் பொருந்துகிற தப்பு ஃபைலில் இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

அதன் பிறகு நானும் மனைவியும் விண்ணப்பித்தபோது கடிதத்தை எழுதுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் எந்த நாடு?

எங்கள் திட்டம் இது. மே 10 இரவு சென்னையில் விமானம் ஏறுகிறோம், 11 காலை பாரிஸ்.

- மே 11, 12, 13 இரவுகள்: பாரிஸ்
- மே 14, 15: இன்டர்லாக்கன், சுவிட்சர்லாந்து
- மே 16, 17: ஃப்ளாரன்ஸ்
- மே 18, 19: ரோம்
- மே 20 இரவு: ரோமிலிருந்து திரும்பும் விமானம்

இறங்குவது பாரிஸ். அதிக இரவு தங்கும் ஊரும் பாரிஸ்தான். அதனால் பிரான்ஸுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் முதலில் நினைத்தேன். தப்பு. ஷெங்கன் விதி ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. பயணத்தின் நோக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றே என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாடுதான் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும். சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. எங்கள் கணக்கில் பிரான்ஸ் 3 இரவு, சுவிட்சர்லாந்து 2, இத்தாலி 2 + 2 = 4. ஆக இத்தாலி. ரோமில் ஓர் இரவைக் குறைத்திருந்தால் பிரான்ஸும் இத்தாலியும் சமமாகி, பதில் பிரான்ஸ் பக்கம் சாய்ந்திருக்கும்!

மூன்று வரிசைகள் ஒத்துப்போக வேண்டும்

விசா அதிகாரி நம்மைப் பார்ப்பதே இல்லை பல நேரங்களில். பார்ப்பது காகிதத்தை. ஒரே தேதிகள் மூன்று இடங்களில் வரும்: கடிதத்தில் உள்ள பயணத்திட்டம், ஹோட்டல் புக்கிங், விமான ரிசர்வேஷன். நான் ஒரு தாளில் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரி எழுதி, அந்த இரவுக்கு உரிய புக்கிங் எது என்று எதிரே குறித்தேன். 9 இரவு, 9 வரி. எந்த வரியும் காலியாக இருக்கக்கூடாது, எந்த வரியிலும் இரண்டு ஹோட்டல் வரக்கூடாது.

இதில் சறுக்குவது பெரும்பாலும் ஓரங்களில். மே 10 இரவு விமானத்தில் கழிகிறது, அதற்கு ஹோட்டல் வேண்டாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் வந்திறங்கும் தேதி 11, சென்னையில் கிளம்பும் 10 அல்ல. இரவு ரயிலில் போனால் அந்த இரவுக்கு ஹோட்டல் இருக்காது. அப்போது கடிதத்தில் "இந்த இரவு ரயிலில்" என்று ஒரு வரி எழுதி ரயில் விவரத்தை இணைக்க வேண்டும், இல்லையென்றால் அது ஓட்டையாகத் தெரியும். இன்னொன்று: 11 முதல் 20 வரை இரவு 9, நாள் 10. இன்சூரன்ஸ் நாளைப் பார்த்து எடுக்கணும், இரவைப் பார்த்து அல்ல. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும்.

அடுத்து பெயர். நாம் இருவர் போனாலும், ஹோட்டல் புக்கிங்கில் புக் செய்தவர் பெயர் மட்டும் வருவது சகஜம். மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லி ஹோட்டலுக்கு எழுதி, திருத்திய உறுதிச்சீட்டு வாங்கினேன். நமக்கு இனிஷியல் பிரச்சினை வேறு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், புக்கிங் தளத்தில் பழக்கதோஷத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடுங்கள்.

கடிதத்தில் என்ன இருந்தது

கடிதம் ஆங்கிலத்தில், ஒரே பக்கம். சாரம் இதுதான்:

"நானும் என் மனைவியும் மே 11 முதல் 20 வரை சுற்றுலாவுக்காகப் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி செல்ல விரும்புகிறோம். அதிக இரவுகள் இத்தாலியில் தங்குவதால் உங்களிடம் விண்ணப்பிக்கிறோம். இது எங்கள் முதல் ஷெங்கன் விண்ணப்பம். பயணத்திட்டம் கீழே. செலவு முழுவதும் என் சேமிப்பிலிருந்து (இணைப்பு 5). மே 22 அன்று வேலைக்குத் திரும்ப வேண்டும், நிறுவனத்தின் விடுப்புக் கடிதம் இணைப்பு 6."

நடுவில் ஐந்து பத்திகளில் ஓர் அட்டவணை: தேதி, ஊர், ஹோட்டல் பெயரும் முகவரியும், அடுத்த ஊருக்குப் போகும் விதம், இணைப்பு எண். கடைசியில் இணைப்புகளின் பட்டியல், அதே வரிசையில் காகிதங்கள். சொல்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் இணைப்பு எண், இணைப்பு இல்லாத விஷயம் கடிதத்தில் இல்லை. சிறு வயதுக் கனவு, ஈஃபில் கோபுரத்தின் அழகு எல்லாம் முதல் வரைவில் இருந்தன. வெட்டிவிட்டேன். அதிகாரிக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

கேன்சல் செய்யலாமா?

இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறைகளைத்தான் நானும் எடுத்தேன். விசா கிடைக்குமா என்று தெரியாமல் பணத்தைக் கட்ட யாருக்கும் மனம் வராது. அதில் தவறில்லை. ஆனால் விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்து செய்யாதீர்கள். முடிவு வர பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகலாம். அதற்குள் தூதரகம் ஹோட்டலைத் தொடர்புகொண்டு கேட்கலாம். விலைக்குக் கிடைக்கும் போலி புக்கிங்குகளின் ஆபத்தும் அதுவே. விசா வந்த பிறகும் கதை முடியாது. எல்லையில் அதிகாரி தங்குமிடச் சான்று கேட்கலாம், பொய் சொல்லி வாங்கிய விசாவை ரத்தும் செய்யலாம். ஹோட்டலை மாற்றினால் புதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு எல்லை உண்டு. பேங்கில் இல்லாத பணத்தையோ, இல்லாத வேலையையோ அது ஈடுகட்டாது. இருக்கிற உண்மை ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை.

மச்சான் மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை கடிதத்தில் முந்தைய மறுப்பை மறைக்காமல் எழுதி, தேதி எங்கே பிசகியது, எப்படித் திருத்தியிருக்கிறார் என்று இரண்டு வரி சேர்த்தோம். இரவுக் கணக்குத் தாளை அக்காதான் போட்டாள். விசா வந்தது. புக்கிங்கில் இப்போது எதைத் தொட்டாலும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுக்கிறார்.