ரப்பர் விலையும் பி.இ. கணக்கும்

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட் கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினால் தோட்டக்காரர் முகம் வாடும். அதே பத்து ரூபாய், டயர் கம்பெனியின் லாபக் கணக்கில் ஏறும். அந்தக் கம்பெனிப் பங்கை வாங்க நினைப்பவரின் பி.இ. விகிதத்தையும் அது ஆட்டிவைக்கும்.

பி.இ. என்பது எளிய வகுத்தல். பங்கின் விலையை, ஒரு பங்குக்குக் கிடைத்த ஆண்டு லாபத்தால் வகுக்க வேண்டும். 20 என்று வந்தால், ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை 20 ரூபாய் கொடுக்கிறது என்று அர்த்தம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான் என்பதால் விலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதை வைத்து மலிவா, கிராக்கியா என்று சொல்ல முடியாது. 2022-23இல் ஒரு பங்குக்கு லாபம் சுமார் 1,810 ரூபாய். ஆக பி.இ. 55. 'ரொம்ப அதிகம்' என்று பலர் ஒதுங்கியிருக்கலாம்.

2024 மார்ச் இறுதியில் விலை சுமார் 1,33,000. பி.இ. ஏறியிருக்க வேண்டும்தானே? ஏறவில்லை, 27 ஆகப் பாதியாகிவிட்டது. அந்த ஆண்டு மூலப்பொருள் செலவு தணிந்து, லாபம் பங்குக்குச் சுமார் 4,900 ரூபாயாக எகிறியதே காரணம். முந்தைய 55, விலை உச்சத்தில் இருந்ததைவிட லாபம் பள்ளத்தில் கிடந்ததையே காட்டியது.

அப்படியானால் 27 மலிவா? அதையும் நம்பிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் ரப்பர் விலை கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. நம் தோட்டங்களுக்கு நல்ல காலம்; டயர் கம்பெனிகளுக்குச் செலவு. 2024-25இல் எம்.ஆர்.எஃப். லாபம் பங்குக்குச் சுமார் 4,400 ரூபாயாகக் குறைந்தது. மூலப்பொருள் மலிவாக இருக்கும் ஆண்டில்தான் இத்தகைய பங்கின் பி.இ. தாழ்ந்து, ஆசை காட்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு: ஒரே ஆண்டு லாபத்தை விட்டுவிட்டு மூன்றாண்டுச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 2020-21இல் சுமார் 3,010, அடுத்த ஆண்டு 1,580, பிறகு 1,810, சராசரி 2,130. ஒரு லட்ச ரூபாய் விலைக்கு பி.இ. 47. மறு ஆண்டுக்கும் இதே முறையில் கணக்கிட்டால் சராசரி 2,760, பி.இ. 48. 55க்கும் 27க்கும் இடையே தெரிந்த பெரிய வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

இந்தச் சராசரிக்கும் எல்லை உண்டு. தொழிலே நிரந்தரமாக மாறிவிட்டால், பழைய லாபம் வழிகாட்டாது. ஆனால் ரப்பர்போல விலை ஏறி இறங்கும் சரக்கை நம்பிய கம்பெனிகளில், ஒரே ஒரு ஆண்டின் பி.இ.யைப் பார்த்து வாங்கவோ விற்கவோ செய்யாதீர்கள்.