நீண்ட அறிக்கை சுருங்கும்போது எண்கள் தொலையாமல் இருக்க

ஐபிசிசி எனப்படும், காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவியல் அறிக்கை 2,300 பக்கங்களுக்கும் மேல் நீள்கிறது. அதில் 12 இயல்கள் உள்ளன. ஒவ்வொரு இயலையும் ஒரு தனி அறிஞர் குழு எழுதி, அதன் தலையில் தனக்கென ஒரு சுருக்கத்தையும் வைத்திருக்கிறது. இந்த இயல்களிலிருந்து தொழில்நுட்பச் சுருக்கம் ஒன்றும், கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் ஒன்றும் உருவாகின்றன. இரண்டாவது, முப்பதை ஒட்டிய பக்கங்களில் முடிந்துவிடுகிறது. பெரிய அறிக்கையைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளைச் சுருக்கி, அந்தச் சுருக்கங்களை ஒன்றாகச் சேர்க்கும் முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இப்படிச் சுருக்கும்போது கருத்துகளைவிட எண்களே எளிதில் கெட்டுப்போகின்றன.

முதல் வேலை பிரிப்பது. பக்கக் கணக்கில் ஐம்பது ஐம்பதாக வெட்டினால் ஒரு அட்டவணை ஒரு பகுதியிலும் அதன் அடிக்குறிப்பு அடுத்த பகுதியிலும் போய் விழும். அலகு, காலம், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்ற செய்தி எல்லாம் பெரும்பாலும் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கும். ஆகவே இயல், உட்தலைப்பு என்று ஆசிரியர்களே வைத்த எல்லைகளில் பிரிப்பதே சரி. ஒரு இயல் மிக நீளமாக இருந்து அதை மேலும் பிரிக்க வேண்டி வந்தால், அறிக்கையின் தொடக்கத்தில் உள்ள வரையறைகளையும் அலகுகளையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பகுதியோடும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு தாள்கள் தயாராக வேண்டும். ஒன்று, பகுதி சொல்லும் செய்தியின் சுருக்கம். மற்றொன்று, அதில் வரும் முக்கிய எண்களின் பட்டியல். எண்ணைச் சுருக்கத்தின் வாக்கியத்துக்குள் மட்டும் விட்டுவைத்தால், அந்த வாக்கியம் அடுத்த கட்டத்தில் மீண்டும் சுருங்கும்போது எண்ணின் நிபந்தனைகள் முதலில் உதிரும், பிறகு எண்ணும் உதிரும். பட்டியலில் உள்ள எண்ணை யாரும் சுருக்குவதில்லை. வைத்துக்கொள்வதா, விடுவதா என்று முடிவு செய்வது மட்டுமே மிச்சம். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எதை அளக்கிறது, எந்த அலகில், எந்தக் காலத்துக்கு, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கு இடமுண்டு, எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற விவரங்கள் இருக்க வேண்டும்.

இத்தனை விவரம் ஏன் என்பதற்கு இதே அறிக்கையில் விடை கிடைக்கிறது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் புவி மேற்பரப்பின் வெப்பநிலை 1.09 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருப்பதாக இரண்டாம் இயல் சொல்கிறது. மூன்றாம் இயலில் 1.07 என்ற எண் வருகிறது. இரண்டு இயல்களையும் தனித்தனியே சுருக்கியவர்கள் ‘வெப்பநிலை 1.09 டிகிரி உயர்ந்தது’, ‘வெப்பநிலை 1.07 டிகிரி உயர்ந்தது’ என்று மட்டும் எழுதித் தந்திருந்தால், சேர்ப்பவர் அதை முரண்பாடு என்று நினைப்பார். ஒன்றை விட்டுவிடுவார், அல்லது இரண்டுக்கும் நடுவே 1.08 என்று போடுவார். எதைச் செய்தாலும் தவறுதான். 1.09 என்பது 2011–2020 பத்தாண்டில் அளந்தறிந்த மொத்த உயர்வு. 1.07 என்பது 2010–2019 பத்தாண்டில் மனிதச் செயல்களால் மட்டும் ஏற்பட்ட உயர்வின் மதிப்பீடு, அது 0.8 முதல் 1.3 வரை இருக்கலாம் என்ற வரம்பும் அதோடு சேர்ந்தது. இவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

சேர்க்கும் கட்டத்தில் பட்டியல்களை முதலில் ஒன்றாக்க வேண்டும், உரையைப் பிறகு எழுத வேண்டும். பட்டியல்கள் ஒன்றானதும், ஒரே அளவு இரண்டு இயல்களில் வந்திருப்பது தெரியவரும். கடல்மட்ட உயர்வு பற்றி இரண்டாம் இயலும் பேசுகிறது, ஒன்பதாம் இயலும் பேசுகிறது. அது ஒரே உயர்வு. இரண்டாகக் கூட்டிவிடக் கூடாது.

கூட்டலாமா, சராசரி எடுக்கலாமா என்பதற்கும் கடல்மட்டக் கணக்கே பாடம். உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டரும், 1971 முதல் 2006 வரை 1.9 மில்லிமீட்டரும், 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீட்டரும் உயர்ந்ததாக அறிக்கை சொல்கிறது. மூன்று வேகங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 2.3 வரும். ஆனால் முதல் காலம் 70 ஆண்டுகள், கடைசிக் காலம் 12 ஆண்டுகள்தான். ஒவ்வொரு வேகத்தையும் அதன் ஆண்டுகளால் பெருக்கினால் 91, 66.5, 44.4 மில்லிமீட்டர் கிடைக்கும். கூட்டுத்தொகை ஏறத்தாழ 202 மில்லிமீட்டர். அதை 117 ஆண்டுகளால் வகுத்தால் சராசரி வேகம் 1.7 மில்லிமீட்டர்தான். 1901க்கும் 2018க்கும் இடையே மொத்த உயர்வு 0.20 மீட்டர் என்று அறிக்கை தனியே சொல்வதோடும் இந்த 202 ஒத்துப்போகிறது. இப்படிப் பகுதிகளின் எண்கள் மொத்தத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே உரையை எழுதத் தொடங்க வேண்டும். முழு எண்ணாக்குவதும் கடைசியில்தான். ஒவ்வொரு கட்டத்திலும் முழு எண்ணாக்கினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும்.

இந்தச் சரிபார்ப்பு, மூல அறிக்கையில் உள்ள பிழையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஐபிசிசியின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில், ஆசியா பற்றிய இயலில் இமயமலைப் பனியாறுகளின் அட்டவணை ஒன்று உண்டு. உத்தராகண்டில் உள்ள பிண்டாரி பனியாறு 1845க்கும் 1966க்கும் இடையே 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுச் சராசரி 135.2 மீட்டர் என்று அதில் இருந்தது. இடையில் கழிந்தவை 121 ஆண்டுகள். 2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5தான் வரும். 21ஆல் வகுத்தால் 135.2 வரும். வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டவருக்கு இது தெரிந்திருக்காது. தூரத்தையும் ஆண்டுகளையும் சேர்த்துக் குறித்தவர் ஒரு வகுத்தலில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் எல்லாப் பிழையும் கணக்கில் சிக்காது. அதே இயல், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்றும் சொன்னது. அது உரிய சான்று இல்லாத கூற்று என்று 2010 ஜனவரியில் ஐபிசிசி ஒப்புக்கொண்டது. ஓர் ஆண்டைப் பெருக்கியோ வகுத்தோ சோதிக்க முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று மூலத்தைத் தேடிப் போவது ஒன்றே வழி.

அதற்குத்தான் பக்க எண் தேவைப்படுகிறது. 2021 அறிக்கையின் கொள்கைச் சுருக்கத்தில் பத்தி தோறும் இறுதியில் சுருளடைப்புக்குள் இயல் எண்களும் உட்பிரிவு எண்களும் தரப்பட்டுள்ளன. 0.20 மீட்டர் என்று படிப்பவர், அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் இயலின் உரிய பிரிவுக்கே போய்விடலாம். எந்த அறிக்கையைச் சுருக்கினாலும், முடிந்த சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இப்படி மூலப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். இடையில் தயாரித்த பகுதிச் சுருக்கத்தோடு ஒப்பிட்டால் போதாது. அங்கே நேர்ந்த பிழை இங்கும் அப்படியே சரியாகத் தோன்றும். பிறகு எதிர்த்திசையிலும் ஒருமுறை போக வேண்டும். பட்டியலில் இருந்து சுருக்கத்தில் இடம்பெறாத எண்களை எடுத்து, அவை வேண்டாம் என்று விடப்பட்டவையா, கைதவறி விழுந்தவையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் வேலை முடிகிறது.