மலை, ஆறு, துறை: இல்லாத ஊருக்குப் பெயர் வைப்பது

ஏலகிரி மலைக்குப் போய் வருகிறவர்கள், அந்தப் பெயரில் மலை இரண்டு முறை வருகிறதே என்று யோசிப்பதில்லை. கிரி என்றாலும் மலைதான். வடமொழிச் சொல் பெயரோடு பெயராகக் கலந்துவிட்டதால், அது மலை என்று சொல்ல இன்னொரு சொல் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பெண்டில் ஹில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே முன்பு வாழ்ந்த கெல்டிக் மக்கள் அதை ‘பென்’ என்றார்கள். அவர்கள் மொழியில் தலை, மலை என்று அதற்குப் பொருள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை வெறும் பெயர் என்று எடுத்துக்கொண்டு, தங்கள் மொழியின் ‘ஹில்’லைச் சேர்த்தார்கள். இரண்டும் தேய்ந்து ‘பெண்டில்’ ஆனது. அதற்குள் ஒரு ஹில் ஒளிந்திருப்பதும் மறந்தபோது, மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்.

கற்பனை நாட்டுக்கு வரைபடம் போட்டுக் கதை எழுத நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரிப் பெயர்களைத்தான். காதுக்கு இனிமையான ஓசைகளைக் கோத்துப் பெயர் வைத்தால், எல்லா ஊரும் ஒரே நாளில் பிறந்தது போலத் தெரியும். உண்மையான நாட்டில் ஒரு மக்கள் வைத்த பெயரின் மேல் அடுத்து வந்தவர்களின் சொல் படிந்து கிடக்கிறது.

இதை நன்றாக அறிந்து செய்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயரே எருதுகள் இறங்கிக் கடக்கும் ஆற்றுத்துறை என்பதுதான். 1954–55இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் அவர் எல்ஃப் மக்களுக்கென்று ஒரு மொழியையே கட்டினார். அதில் அமோன் என்றால் குன்று, துயின் என்றால் பெரிய ஆறு, அத்ராத் என்றால் துறை. அமோன் சூல் என்பது காற்றுக்குன்று. தமிழில் காற்று முன்னால், குன்று பின்னால். எல்ஃப் மொழியில் குன்று முதலில் வருகிறது, வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்களில் வருவது போல. ஒரு பெயரைப் பார்த்ததும் ‘இது வேறு மக்கள் வைத்தது’ என்று வாசகருக்குத் தோன்ற இந்தச் சொல்வரிசையே போதும்.

அவர் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘பாரன்’ என்றால் பொன்னிறம் கலந்த பழுப்பு. பாரன்துயின் என்றால் பழுப்பு ஆறு. அதன் கரையில் குடியேறிய ஹாபிட்டுகளுக்கு எல்ஃப் மொழி தெரியாது. காதில் விழுந்ததைத் தங்களுக்குப் பொருள் விளங்கும்படி திருத்தி, ‘பிராண்டிவைன்’ என்று மதுவின் பெயராக்கிவிட்டார்கள். அதே நாவலில் பிரீ என்றொரு ஊர் வருகிறது. பிரீ என்பது மலையைக் குறிக்கும் கெல்டிக் சொல். பக்கத்தில் நிற்கும் மலைக்கு ‘பிரீ ஹில்’ என்று பெயர். நம் ஏலகிரி மலை போலத்தான்.

மலை என்பதற்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மார்கரெட் கெல்லிங் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களையும் நிலத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பழைய ஆங்கிலத்தில் மலையைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தைச் சொன்னது என்று காட்டினார். ‘டூன்’ என்றால் உச்சி தட்டையான, ஊர் அமைக்க ஏற்ற மேடு. ‘ஹோ’ என்றால் குதிகால் போல நீண்டு இறங்கும் மலைமுனை. நம்மிடமும் இந்த வேறுபாடு உண்டு. கொங்கு நாட்டில் சிறிய பாறைக்குன்று ‘கரடு’, நெல்லைப் பக்கம் ‘பொத்தை’. ‘மேடு’ என்றால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஒரு சிறு வரைபடத்தைப் போட்டே பார்க்கலாம். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஒரு ஆறு. பழங்குடிகளின் மொழிக்கு நான்கே சொற்கள் வைத்துக்கொள்கிறேன்: மலைக்குக் கெர், ஆற்றுக்கு ஒர், துறைக்குத் தால், சிவப்புக்கு வன். அவர்கள் பொருளை முன்னும் நிறத்தைப் பின்னும் சொல்வார்கள். பிறகு வந்து குடியேறியவர்களின் மொழியாகத் தமிழையே வைக்கிறேன்.

பெரிய ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். பெரிய ஆறு பல மக்களின் நிலத்தைத் தொட்டு ஓடுவதால், புதிதாக வந்தவர்களும் ஏற்கனவே இருக்கும் பெயரைக் கேட்டுப் பழகிவிடுவார்கள். தேம்ஸ் என்ற பெயர் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தது. ஆகவே செம்மண் கலந்து ஓடும் என் ஆற்றுக்குப் பழைய மொழியில் ‘ஒர்வன்’ என்று பெயர். தமிழ் பேசுகிறவர்கள் வாயில் அது ‘ஒருவன் ஆறு’ ஆகும். யார் அந்த ஒருவன் என்று குழந்தைகள் கேட்பார்கள். வெள்ளத்தில் தனியாக நீந்திக் கடந்த ஒரு மாட்டுக்காரனின் கதையைப் பாட்டிகள் சொல்வார்கள். மேற்கு மலை ‘கெர்மலை’. அதிலிருந்து இறங்கும் சின்ன ஓடையை உள்ளூர்க்காரர்கள் மட்டுமே அறிவார்கள் என்பதால் அதற்குப் பழைய பெயர் தங்காது. அது வெறும் ‘நாணலோடை’.

துறைக்குத்தான் நிதானம் வேண்டும். நடந்து கடக்கும் துறையை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. மலையிலிருந்து வேகமாக வரும் ஆறு, சமவெளியைத் தொட்டதும் வேகம் குறைந்து, சுமந்து வந்த கூழாங்கற்களைப் போட்டுவிட்டு அகலமாகப் பரவும். தண்ணீர் முழங்கால் அளவே இருக்கும், கால் புதையாது, வண்டி இறங்கும். அதற்குக் கீழே போகப் போகச் சேறும் ஆழமும் கூடும். கடல் அருகே படகுதான். அதனால் என் துறை மலையடிவாரத்தில் இருக்கிறது. பழைய ‘தால்’ என்பதோடு ‘துறை’ சேர்கிறது. கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவது போல, தாலும் துறையும் சேர்ந்து ‘தாற்றுறை’. காற்று பேச்சில் காத்து ஆவது போல, சந்தைக்கு வருகிறவர்கள் வாயில் அது ‘தாத்துறை’. கோயில் கல்வெட்டில் தாற்றுறை என்றும், வண்டிக்காரன் பேச்சில் தாத்துறை என்றும் கதைக்குள் எழுதலாம். பிறகு அங்கே பாலம் கட்டினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இன்று யாரும் எருதை ஆற்றில் இறக்குவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாப் பெயரையும் இப்படி இரட்டைச் சொல்லாகக் கட்டினால் அதுவும் செயற்கையாகத் தெரியும். என் வரைபடத்தில் பழைய சொல் தங்கிய பெயர்கள் மூன்றுதான்: பெரிய ஆறு, உயர்ந்த மலை, எல்லோரும் வந்து போகும் துறை. மற்றவையெல்லாம் புதுக்குடிகளின் சாதாரணப் பெயர்கள்: புளியமேடு, இரட்டைக்கரடு, மணல்துறை.

பெயர்களை எழுதி முடித்ததும், துறை என்று முடியும் ஒவ்வொரு ஊரின் மேலும் விரலை வையுங்கள். ஆற்றின் இரு கரையிலிருந்தும் ஒரு பாதை அங்கே வந்து இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் பெயரை அழிக்க வேண்டாம், பாதையை வரையுங்கள்.