ஒரே டயட் சார்ட், இரண்டு உடம்பு

கணவனும் மனைவியும் சேர்ந்து டயட் ஆரம்பிக்கிற வீடுகளில் முதல் மாதக் கடைசியில் ஒரு மனத்தாங்கல் வரும். அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார். அவள் எடை மெஷினில் ஏறி இறங்கி, மறுபடியும் ஏறிப் பார்ப்பாள். சமைப்பது ஒருவர், இருவருக்கும் ஒரே சாப்பாடு, சாயங்கால நடையும் சேர்ந்தே. அப்படியிருந்தும் அவருக்கு நாலு கிலோ, அவளுக்கு ஒரு கிலோ. "நீ சமைக்கும்போது வாயில் போட்டுக்கொள்கிறாய்" என்று அவர் சொல்லிவிட்டால் போயிற்று, டயட் அன்றோடு முடிந்தது.

அவர் சொன்னது தவறு என்பதை ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் காட்டிவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு தம்பதி. கணவருக்கு வயது 45, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. மனைவிக்கு 42 வயது, 155 சென்டிமீட்டர், 68 கிலோ. இருவருக்கும் ஒரு நாளைக்கு 1500 கலோரி சார்ட். காலையில் இட்லி, மதியம் அளந்து ஒரு கப் சோறு, காய், சுண்டலோ முட்டையோ, ராத்திரி சப்பாத்தி.

சும்மா படுத்திருந்தாலும் உடம்பு எவ்வளவு எரிக்கும் என்பதைக் கணக்கிட உணவியல் நிபுணர்கள் 1990-இல் வெளியான மிஃப்லின் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி இரண்டையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணாக இருந்தால் 5 கூட்ட வேண்டும், பெண்ணாக இருந்தால் 161 கழிக்க வேண்டும். இந்தக் கணக்கில் கணவருக்கு 1775 கலோரி, மனைவிக்கு 1278 கலோரி வருகிறது. நடப்பது, வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.4-ஆல் பெருக்கினால் அவருடைய ஒரு நாள் செலவு ஏறக்குறைய 2485, அவளுடையது 1789.

இப்போது சார்ட்டின் 1500-ஐக் கழித்துப் பாருங்கள். அவருக்குத் தினமும் 985 கலோரி பற்றாக்குறை. அவளுக்கு 289. ஒரு கிலோ கொழுப்புத் திசு கரைய ஏறக்குறைய 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பது தோராயமான பழைய கணக்கு. மாதக்கணக்கில் நீட்டினால் அது பொய்த்துவிடும். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைவதே காரணம். ஆனால் முதல் மாதத்துக்கு அது போதும். முப்பது நாளில் அவருக்கு 3.8 கிலோ, அவளுக்கு 1.1 கிலோ. இருவருமே சார்ட்டை மீறாமல் சாப்பிட்டால் வரும் கணக்கு இது. வாயில் போட்டுக்கொண்டவர் யாரும் இல்லை.

"எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ" என்று அவள் தன்னைத்தானே குறைசொல்லிக்கொள்வதற்கும் இதில் இடமில்லை. அவளுடைய உடம்பு மந்தமாக வேலை செய்யவில்லை, அளவில் சிறியது. உயரமும் தசையும் குறைவு, எடையில் கொழுப்பின் பங்கு அதிகம். கொழுப்பு, தசை அளவுக்கு எரிப்பதில்லை. பெரிய உடம்பைத் தூக்கி நடக்க அதிகம் செலவாகும், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே சார்ட் எழுதிக்கொடுத்தவரைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

பற்றாக்குறை சிறியதாக இருப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சர்க்கரை போட்ட பால் டீ இரண்டு, கூடவே இரண்டு பிஸ்கட், ஏறக்குறைய 250 கலோரி. சார்ட்டில் இல்லாத இதை இருவரும் தினமும் சாப்பிட்டார்கள் என்று வையுங்கள். அவருடைய பற்றாக்குறை 985-இலிருந்து 735 ஆகும், மாதத்துக்கு இன்னும் மூன்று கிலோ அளவில் குறையும். அவளுக்கு 289-இல் மிஞ்சுவது 39. மாதம் முழுக்க வாயைக் கட்டியும் மெஷினில் ஒன்றும் தெரியாது. செய்த தப்பு ஒன்றுதான். அவருக்கு அது உறைக்கவே இல்லை, அவளுக்கு ஒரு மாதமே போயிற்று. "நானும்தான் டீ குடிக்கிறேன், எனக்குக் குறையவில்லையா" என்று அவர் கேட்பது இங்கேதான் அபத்தமாகிறது.

இதுவரை பேசியது கொழுப்பை. மெஷின் காட்டுவதோ கொழுப்பு, தண்ணீர், குடலில் இருப்பது எல்லாம் சேர்ந்த எடை. சோறு, இட்லி, சப்பாத்தியின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. தசை அதிகம் உள்ளவர், முன்பு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டவர் என்றால் இப்படியே ஒன்றரைக் கிலோ போகலாம். முதல் வாரத்தில் நம் கணவருக்குக் கரைந்த கொழுப்பு 900 கிராம்தான். தண்ணீரையும் சேர்த்து மெஷின் 2.4 கிலோ குறைவு காட்டும்.

அவளுக்கு அதே வாரம் மாதவிலக்குக்கு முந்தைய வாரமாக இருந்தால் உடம்பில் தண்ணீர் தேங்கும். பலருக்கு அது ஒரு கிலோ அளவுக்கும் போகும். கொழுப்பு 260 கிராம் கரைந்திருக்கும், கிளைக்கோஜனோடு அரைக் கிலோ தண்ணீர் போயிருக்கும், தேங்கிய ஒரு கிலோ அதற்கு மேலே வந்து உட்காரும். மெஷின் கால் கிலோ கூடுதல் என்று காட்டும். இருவருக்கும் கரைந்த கொழுப்பில் வித்தியாசம் 640 கிராம், மெஷினில் தெரிவதோ 2.6 கிலோ. சண்டை இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த ஒரு கல்யாணச் சாப்பாடு, மூன்று நாள் மலச்சிக்கல், புதிதாக ஜிம்மில் சேர்ந்து தசை வலிக்கும் முதல் பத்து நாட்கள், இவையும் எடையை இதே மாதிரி ஏற்றிக் காட்டும்.

சரி, ஒரே உயரம், ஒரே எடை, ஒரே வயதுள்ள இரண்டு பெண்கள் என்றால்? அப்போதும் ஒன்றாகக் குறையாது. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் க்ளோட் பூஷார் குழுவினர் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களான ஏழு ஜோடி இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1994-இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டின் அளவை மாற்றாமல், 93 நாட்கள் சைக்கிள் கருவியில் மிதிக்கவைத்து, எல்லோருக்கும் ஒரே அளவு கலோரியைக் கூடுதலாகச் செலவழிக்க வைத்தார்கள். சராசரியாக ஐந்து கிலோ குறைந்தது. ஆனால் ஒருவருக்கு ஒரு கிலோ, இன்னொருவருக்கு எட்டு கிலோ. அண்ணனுக்கு எவ்வளவோ தம்பிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. பெரிய வித்தியாசமெல்லாம் ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் இடையில்தான். கண்காணிப்பில் வைத்தே இவ்வளவு மாறுகிறது என்றால் அதில் மனவுறுதிக்குள்ள பங்கு சிறிதுதான், பிறப்போடு வந்ததற்குள்ள பங்கு பெரிது.

பிறப்போடு வந்தது எந்த வழியாக வேலை செய்கிறது என்பதில் ஒன்று எளிதாகப் புரியும். பற்றாக்குறை வந்ததும் சிலருடைய உடம்பு சத்தமில்லாமல் சிக்கனம் பிடிக்கும். காலாட்டுவது, எழுந்துபோய்த் தண்ணீர் எடுப்பது, நின்றுகொண்டே போன் பேசுவது எல்லாம் அவர்களுக்கே தெரியாமல் குறைந்துவிடும். உடற்பயிற்சி என்று யாரும் எண்ணாத இந்த அசைவுகளில் ஆளுக்கு ஆள் நாளொன்றுக்குப் பல நூறு கலோரி வித்தியாசம் இருக்கலாம். பசியும் அப்படித்தான். ஒரே சார்ட்டில் ஒருவருக்கு வயிறு நிறையும், இன்னொருவருக்கு ராத்திரி பத்து மணிக்கு அடுப்படி கூப்பிடும்.

இதை ரத்தப் பரிசோதனையிலோ மரபணுச் சோதனையிலோ முன்கூட்டியே கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை ஒரு வருடம் தொடர்ந்து, 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கொழுப்பைக் குறைத்த உணவு, மாவுச்சத்தைக் குறைத்த உணவு என இரண்டு பிரிவு. இரண்டிலும் சராசரிக் குறைவு ஐந்தாறு கிலோ. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் முப்பது கிலோ அளவுக்குக் குறைந்தவரும் இருந்தார், பத்து கிலோ ஏறியவரும் இருந்தார். யாருக்கு எந்த உணவு பொருந்தும் என்பதை அவர்கள் பார்த்த மரபணு வகைகளும் சொல்லவில்லை, இன்சுலின் அளவும் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

இந்த ஒப்பீட்டை எப்படி விடுவது? "மனசை மாற்றிக்கொள்" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்தில் ஒருவருடைய எண் தெரிந்தால் மனம் ஒப்பிடத்தான் செய்யும். ஆகவே அந்த எண்ணுக்குப் பதிலாக வேறு எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, மேலே சொன்ன கணக்கை உங்களுக்குப் போடுவது. உங்கள் உடம்புக்கு மாதம் 1.1 கிலோதான் நியாயமான எதிர்பார்ப்பு என்று முன்பே தெரிந்திருந்தால், ஒரு கிலோ குறைந்தது தோல்வியாகத் தெரியாது. அடுத்தது, எடை பார்க்கும் முறை. காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில் பாருங்கள். மாதவிலக்கு வரும் பெண்கள் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுங்கள். விலக்கு வந்த ஐந்தாம் நாள் என்றால் அடுத்த முறையும் ஐந்தாம் நாள். தண்ணீரின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். மாதம் ஒருமுறை டேப்பால் இடுப்பளவும் எடுங்கள். எடை அசையாமல் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் இறங்கும் மாதங்கள் உண்டு. இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் வாரா வாரம் கிலோ போடும் வழக்கத்திலிருந்து கழன்றுகொள்ளுங்கள். எவ்வளவு நடந்தோம் என்று வேண்டுமானால் எழுதுங்கள்.

குறைவாகத்தான் குறைகிறது என்பதால் சார்ட்டை 1000 கலோரிக்கு இறக்கவேண்டாம். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் அவ்வளவு இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், எரிக்கும் திறன் இன்னும் சுருங்கும். அவளுக்கு அரை மணி நேரக் கூடுதல் நடை ஏறக்குறைய 100 கலோரி. 289-க்கு அது பெரிய சேர்க்கை. மூன்று மாதம் அளந்து சாப்பிட்டும் எடையும் இடுப்பும் அசையவே இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, பிசிஓஎஸ் இரண்டும் எடை குறைவதைத் தடுக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்புக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகள் எடையை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது, மாற்று உண்டா என்று கேட்கலாம்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குவதற்கு மருத்துவர்கள் வைக்கும் முதல் இலக்கு, ஆரம்ப எடையில் ஐந்து சதவீதம். கணவருக்கு அது 4.6 கிலோ, ஐந்தாறு வாரத்தில் எட்டிவிடுவார். மனைவிக்கு 3.4 கிலோ, மூன்று நான்கு மாதம் ஆகும்.