2.8 எப்படி 6.4 ஆனது?

இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட ஒரு பெண்மணி; வயது 45 என்று வைத்துக்கொள்வோம். வால்வின் மேல் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க தினமும் இரவு 4 மில்லிகிராம் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை. அவருக்கு அந்த எண் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். ரொம்ப நாளாக 2.8-ஐ ஒட்டியே வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாரம் காய்ச்சலும் பேதியும். ஆறாவது நாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவில்லை, ஆனாலும் முன்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. பரிசோதித்ததில் எண் 6.4. மாத்திரையை ஒரு துளிகூடக் கூட்டிச் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான்.

இது புரிய, அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும். ஐ.என்.ஆர். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எடுத்த ரத்தத்தில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து, அது உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். மருந்து சாப்பிடாதவருக்கு 12 விநாடி, இவருக்கு 30 விநாடி என்றால் இரண்டரை மடங்கு. ஆனால் அந்த ரசாயனத்தின் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். அதே ரத்தம் ஒரு ஆய்வகத்தில் ஒரு விடையும் இன்னொன்றில் வேறு விடையும் தரும். அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்து, எந்த ஊரில் எடுத்தாலும் ஒப்பிடக்கூடிய எண்ணாக மாற்ற 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முறைதான் ஐ.என்.ஆர். மருந்தில்லாதவருக்கு அது சுமார் 1.

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. அவற்றில் நான்கைச் சரியாக முடித்துத் தர வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்த வைட்டமின் கே தீர்ந்துபோய்விடாது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதைப் புதுப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்பும். வார்ஃபரின் தடுப்பது அந்தப் புதுப்பித்தலைத்தான். ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களை அது தொடுவதில்லை. அவை தாமாகத் தீர வேண்டும்: ஒன்று சில மணி நேரத்தில் பாதியாகும், இன்னொன்று பாதியாக இரண்டரை, மூன்று நாள் எடுக்கும். அதனால் நேற்று சாப்பிட்ட மாத்திரையின் முழு விளைவு இன்றைய எண்ணில் தெரியாது. இன்று காணும் எண், கடந்த சில நாட்களில் உடலில் நடந்ததன் கூட்டு.

அந்தப் பெண்மணியின் கடந்த ஆறு நாட்களைப் பார்ப்போம். வாய்க்குப் பிடிக்காமல் கஞ்சியும் மோரும்தான் ஆகாரம். கீரை, காய், எண்ணெய் எதுவுமில்லை; வெளியிலிருந்து வரவேண்டிய வைட்டமின் கே ஏறக்குறைய நின்றுபோனது. காய்ச்சலில் உடல் வேகமாக எரியும்போது உறையவைக்கும் புரதங்களும் சீக்கிரம் சிதைகின்றன. காய்ச்சலுக்கென்று தினம் நான்கைந்து பாராசிட்டமால். ஒன்றிரண்டு போட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. தொடர்ந்து பல நாள் போட்டால் எண் ஏறும். இவை எல்லாம் சேர்ந்தால்கூட எண் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும். பெரிய தள்ளு, பேதிக்காகப் பக்கத்து கிளினிக்கில் கொடுத்த மெட்ரோனிடசோல். வார்ஃபரினின் வீரியமான பாதியை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது முடக்குகிறது. சாப்பிட்டது 4 மில்லிகிராம்தான். ஆனால் ஒவ்வொரு இரவின் மருந்திலும் ஒரு பங்கு கரையாமல் தங்கி, அடுத்த நாளின் மருந்தோடு சேர்ந்துகொண்டது. கோட்ரைமாக்சசோல், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் ஆகியவையும் இதே வழியில் எண்ணை ஏற்றும். கிளினிக் டாக்டரிடம் வால்வு மாத்திரை பற்றிச் சொல்லாமல் விடுவது நம் ஊரில் சாதாரணம். வயிற்றுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதய மருத்துவர் என்ன செய்வார்? வேறெங்கும் ரத்தப்போக்கு இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் வார்ஃபரினை நிறுத்தச் சொல்லி, அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ மறுபடி பரிசோதிப்பார். மாற்றாக வைட்டமின் கே கொடுக்கலாம். ஆனால் செயற்கை வால்வு உள்ளவருக்கு அதை மிகவும் யோசித்தே, குறைந்த அளவில் கொடுப்பார்கள். எண் சட்டென்று சரிந்தால் வால்விலேயே ரத்தக்கட்டி பிடிக்கும்.

இங்கேதான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். 6.4-ஐப் பார்த்த பதற்றத்தில் யாராவது மாத்திரையை நிரந்தரமாக 3 மில்லிகிராமாகக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் பேதி நின்று, மெட்ரோனிடசோல் முடிந்து, பழையபடி குழம்பும் பொரியலும் தட்டுக்கு வரும். எண்ணை ஏற்றிய காரணம் ஒன்றும் இப்போது இல்லை. மருந்து மட்டும் குறைந்திருக்கிறது. எண் 2-க்குக் கீழே இறங்கும். இறங்கியது வலிக்காது. வால்வின் டிக் டிக் சத்தம் மங்குவதும் புதிதாக மூச்சு வாங்குவதும்தான் பல சமயம் முதல் அறிகுறி. அதனால் பழைய அளவுக்கே திரும்பி, சில வாரம் அடிக்கடி பரிசோதிப்பதே பெரும்பாலும் சரியான வழி.

எதிர்த்திசையில் இழுப்பது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். அது அதே நொதியைப் பெருக்கி, வார்ஃபரினை வேகமாகக் கரைத்துவிடும். ஓரிரு வாரத்தில் எண் சரிந்து, மாத்திரையை இரண்டு மூன்று மடங்குகூடக் கூட்ட வேண்டியிருக்கும். உண்மையான ஆபத்து சிகிச்சை முடியும்போது. ரிஃபாம்பிசினை நிறுத்திய சில வாரங்களில் பெருகிய நொதி பழைய நிலைக்கு வரும். கூட்டிய வார்ஃபரின் அப்படியே தொடர்ந்தால் எண் எங்கேயோ போய்விடும். காசநோய் குணமான சந்தோஷத்தில் இதை மறந்துவிடுவது எளிது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'கீரையைத் தொடாதீங்க' என்ற அறிவுரையை எனக்கு ஏற்க முடிவதில்லை. முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் வைட்டமின் கே நிறைய உண்டு, உண்மை. ஆனால் அறவே ஒதுக்கியவரின் உடலில் இருப்பே இல்லாமல் போகிறது. கல்யாண வீட்டில் ஒரு வேளை கீரைக்கூட்டு சாப்பிட்டாலே எண் ஆடிவிடும். வாரம் இரண்டு நாள் கீரை என்று வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கு மருத்துவர் அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மருந்தை அமைத்துவிடுவார். எண்ணைக் கலைப்பது பெரும்பாலும் கீரையல்ல, திடீர் மாற்றம்: விரதம், உடல் மெலிய எடுக்கும் பச்சைச் சாறு, ஊருக்குப் போன ஒரு மாதம்.

புது மருந்து எது தொடங்கினாலும், நிறுத்தினாலும், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. நீலமூடிக் குழாயில் ரத்தத்தைக் குறியிட்ட கோடு வரை நிரப்பினார்களா என்றும் பாருங்கள். குறைவாக எடுத்தால் உள்ளே இருக்கும் உறைதடுப்பு திரவத்தின் பங்கு கூடி, எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

எண்ணுக்கு எட்டாததும் ஒன்றுண்டு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கோ தலைவலிக்கு ஆஸ்பிரினோ சாப்பிட்டால் ஐ.என்.ஆர். அநேகமாக நகராது. ஆனால் அவை வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் கெடுக்கும். தட்டணுவை இந்தப் பரிசோதனை பார்ப்பதே இல்லை. தார்போல் கறுப்பாக மலம் போகிறவர், நேற்றைய சீட்டில் 2.7 என்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.