அடிப்படை அதிகம், கைக்கு வருவது குறைவு

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறியவருக்கு மாதம் 37,000 ரூபாய் என்றால், ஊரில் பலருக்கு அது நல்ல சம்பளமாகவே தெரியும். ‘படிக்கக் காசும் கொடுத்து, அதுவும் இவ்வளவா?’ என்பார்கள். அந்த வியப்பு நியாயமா என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. அதே நாளில் சென்னையில் ரயில்வே இளநிலைப் பொறியாளராக ஒருவர் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். பட்டயப் படிப்பே போதும் என்ற அந்தப் பணிக்கு அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். ஆய்வு மாணவர் 1,600 ரூபாய் முன்னே நிற்கிறார்!

முந்திக்கொண்டது அதோடு சரி. அன்றைய அகவிலைப்படி 42 சதவீதம். அதைச் சேர்த்தால் பொறியாளருக்கு 50,268 ரூபாய் ஆகிவிடும். உதவித்தொகைக்கு அகவிலைப்படி கிடையாது. வீட்டு வாடகைப்படி இருவருக்கும் உண்டு. ஆனால் பல்கலைக்கழக விடுதியில் தங்கும் ஆய்வு மாணவருக்கு அதுவும் இல்லை. பொறியாளரின் ஓய்வூதியக் கணக்குக்காக 10 சதவீதம் பிடிப்பார்கள், உண்மைதான். அரசு தன் பங்காக 14 சதவீதம் போடும். ஆய்வு மாணவருக்குப் பிடித்தமும் இல்லை, சேமிப்பும் இல்லை.

இரண்டு ஆண்டு தள்ளிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வெளி நிபுணரும் அமர்ந்த குழு ஆய்வின் முன்னேற்றத்தை ஏற்றுக்கொண்டால், மாணவர் எஸ்.ஆர்.எஃப். ஆகி 42,000 ரூபாய் பெறுவார். 2025 ஜனவரியில் அகவிலைப்படி 55 சதவீதம். ஆண்டு ஊதிய உயர்வைச் சேர்க்காமலேயே பொறியாளருக்கு 54,870 ரூபாய். மாணவரின் தொகை இனி விலைவாசியோடு நகராது, அரசு அடுத்த ஆணை போடும் வரை. 2014இல் 25,000 ஆன ஜே.ஆர்.எஃப். தொகை, 2019இல்தான் 31,000 ஆனது. அதற்கும் மாணவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

‘கன்டிஞ்சென்சி’ என்று தனியாக ஒரு தொகை உண்டு. அறிவியல் துறையினருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பிறகு 25,000 ரூபாய். வேதியியல் ஆய்வகத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதை நெறியாளரிடம் கேட்டால் சிரிப்பார்.

இத்தனையும் ஜே.ஆர்.எஃப். கிடைத்த அதிர்ஷ்டசாலிகளின் கதை. மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது இல்லாமல் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு, நெட் சாரா உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய்தான். இன்னொரு பக்கம், பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்குகிறது.

சேரப்போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது. மாணவர் ஆய்வில் இருக்கிறார் என்று கல்வி நிறுவனம் மாதந்தோறும் இணையத்தில் உறுதிசெய்தால்தான் யுஜிசி பணம் வரும். அந்த வேலையைத் தங்கள் அலுவலகத்தில் யார் பார்க்கிறார், தவறாமல் பார்க்கிறாரா என்று மூத்த ஆய்வு மாணவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.