செக் திரும்பினால் புகாரை எப்படி எழுதுவது?

விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவர் மதுரைக் கடைக்காரருக்குக் கடனாகச் சரக்கு அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கிக்காக வந்த 2,75,000 ரூபாய் செக் வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். பலர் இந்தப் புகாரில், ஏமாற்றப்பட்ட கதையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நடுவர் தேடுவது அதையல்ல. சட்டம் கேட்கும் ஒவ்வொரு அம்சமும் தேதியோடு இருக்கிறதா என்பதைத்தான்.

இருவரின் பெயர், முகவரிக்கு அடுத்து வருவது கடன். எந்தெந்த பில்லுக்கு எவ்வளவு, அதில் வரவு போக மிச்சம் எவ்வளவு என்று எழுதிவிட்டு, அந்தப் பாக்கியைத் தீர்க்கவே கடைக்காரர் தன் கணக்கிலிருந்து, தன் கையெழுத்தோடு இந்தச் செக்கைக் கொடுத்தார் என்று சேர்க்க வேண்டும். செக் கொடுத்தவர் பிறகு 50,000 ரூபாய் கட்டியிருந்தால், அதைச் செக்கில் குறித்துவிட்டு மீதிக்குத்தான் வங்கியில் போட வேண்டும். குறிக்காமல் முழுத்தொகைக்குப் போட்டால் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இதை மறைத்து எழுதுவது வீண். எதிர்த்தரப்பு வங்கிக் கணக்கு விவரத்தோடு வரும்.

அடுத்து தேதிகள். செக் தேதி 2025 ஜனவரி 10. மூன்று மாதத்துக்குள், பிப்ரவரி 20-ல் போடப்பட்டது. 'போதிய பணம் இல்லை' என்ற ரிட்டர்ன் மெமோ 24-ல் கைக்கு வந்தது. அதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். மார்ச் 10-ல் பதிவுத் தபாலில் போனது. நோட்டீஸில் செக் தொகையைத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். வட்டி, வக்கீல் செலவு கேட்பதானால் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கலந்தால் நோட்டீஸே செல்லாமல் போகலாம்.

கடைக்காரர் நோட்டீஸைப் பெற்றது மார்ச் 13. அந்த நாளை விட்டு எண்ணினால் 15 நாள் 28-ஆம் தேதியோடு முடிகிறது. பணம் வராததால் வழக்குக்கான காரணம் 29-ல் பிறக்கிறது. அந்த நாளையும் விட்டு ஒரு மாதம், அதாவது ஏப்ரல் 29 வரை புகார் கொடுக்கலாம். ஒப்புகை அட்டையை இணைத்து, இந்தக் கணக்கைப் புகாரிலேயே ஒரு பத்தியாக எழுதிவிடுவது நல்லது. தாமதமானால் தகுந்த காரணத்தைச் சொல்லி, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி தனி மனு போட வேண்டும்.

அதன்பின் அதிகார வரம்பு. வியாபாரியின் கணக்கு விருதுநகர்க் கிளையில் இருந்து, செக்கை அந்தக் கணக்கில் போட்டிருந்தால், புகாரும் அங்குள்ள நீதிமன்றத்தில்தான். செக் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்த்து, செக் திரும்பிய காலத்தில் அதன் அன்றாட நடவடிக்கைக்கு யார் பொறுப்பில் இருந்தார் என்றும் எழுத வேண்டும். வெறுமனே 'இயக்குநர்' என்றால் போதாது.

அவசரமும் ஆபத்துதான். 15 நாள் முடியுமுன் மார்ச் 25-லேயே தாக்கல் செய்தால் அது புகாராகவே கருதப்படாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு நடக்கும்போது நாள் கடந்துவிடுவதால் அந்தக் குறை ஆறிவிடாது. புதிதாகத்தான் புகார் கொடுக்க வேண்டும்.